ஓவியரோடு சேர்ந்து ஒரு லிமிடெட் எடிஷன்: காபித்தூள் பாக்கெட் ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

சிறிய பிராண்டுக்காரர்கள் லிமிடெட் எடிஷன் போடக் கிளம்பினால் முதல் வேலையாக ஓவியரைப் பிடித்துவிடுகிறார்கள். படம் வந்து, எல்லோரும் "சூப்பர்" என்று சொல்லி, அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் "நம்ம மஞ்சள் பட்டை எங்கே?" என்று முதலாளி கேட்பார். அதற்குப் பிறகு செய்கிற ஒவ்வொரு திருத்தமும் ஓவியத்தையும் கெடுக்கும், பிராண்டையும் கெடுக்கும். இந்த வேலையில் தப்புவதும் மாட்டுவதும் பெரும்பாலும் வரிசையில்தான் இருக்கிறது. அதனால் வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது காவிரி டெல்டாவில் இரண்டு கவுண்டர் வைத்திருக்கும் ஒரு காபித்தூள் கடை. பேர் வேண்டாம். 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி கலந்த தூள். 250 கிராம் பாக்கெட், விலை 220 ரூபாய். அரக்கு நிறப் பை, குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, கையால் எழுதிய பழைய எழுத்தில் கடைப்பெயர். எடிஷனுக்கு இந்தப் பையை ஓவியரின் படம் போட்ட ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தோம். கூட்டு சேர்ந்தவர் லினோகட், அதாவது லினோலியத் தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் ஓர் ஓவியர். ரூபாய்க் கணக்கெல்லாம் வழி காட்டத்தான். உங்கள் ஊர் அச்சக விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த ஆறு மாத விற்பனைக் கணக்கு, பாக்கெட் அளவுவாரியாக. லோகோவின் மூல ஃபைல். வாட்ஸ்ஆப்பில் வந்த படம் உதவாது. பெட்டி செய்வதானால் அச்சகத்திடம் வாங்கிய டை வரைபடம், அதாவது எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று கோடு போட்ட தாள். கடைசியாக, "சரி" என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒரே ஒரு ஆள். இந்தக் கடைசி விஷயம் இல்லையென்றால் மற்றவை இருந்தும் பயனில்லை. அப்பா, மகன், மருமகள், சி.ஏ. படிக்கும் தம்பி என நாலு பேர் கருத்து சொல்லலாம். ஓவியரிடம் பேசுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

1. எதைத் தொடக்கூடாது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயம் போதும். வாடிக்கையாளர் உங்கள் சரக்கைக் கடையின் அலமாரித் தட்டில் பார்த்தவுடன் எதை வைத்து அடையாளம் காண்கிறார் என்பதுதான் கேள்வி. முதலாளி நினைப்பதும் வாங்குகிறவர் நினைப்பதும் இங்கே அடிக்கடி வேறாக இருக்கும். கடைக்காரர் கடைப்பெயரைச் சொல்வார். கவுண்டரில் நின்று கேட்டால் "அந்த மஞ்சக்கோடு போட்ட பை குடுங்க" என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை நேரம் கவுண்டரில் நின்றால் போதும். எப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று காதைக் கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியல் இப்படி வந்தது: மஞ்சள் பட்டை, அது பையில் இருக்கும் உயரம், கடைப்பெயரின் எழுத்துரு. அரக்கு நிறத்தை யாரும் சொல்லவே இல்லை. ஆக, நிறத்தை ஓவியர் மாற்றலாம், பட்டையை மாற்றக்கூடாது என்று ஆனது. முதலாளிக்கு அரக்குதான் உயிர். கொஞ்சம் மனத்தாங்கல் ஆகிப் பிறகு ஒத்துக்கொண்டார்.

நாலாவதாக, எழுதாமலே இருக்கும் ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் சரக்கு. லிமிடெட் எடிஷனுக்காகப் புதுக் கலவை போடாதீர்கள். பாக்கெட் மாறினால் வாடிக்கையாளருக்கு வரும் முதல் சந்தேகமே "தூள் அதே தூள்தானா?" என்பதுதான். வெளியேயும் உள்ளேயும் ஒன்றாக மாறினால், பிடிக்காமல் போனது எது என்று உங்களுக்கும் தெரியாமல் போகும்.

பிராண்டை ஓவியம் நீர்த்துப்போகச் செய்வதில்லை, பிடிமானம் போவதுதான் செய்கிறது. ட்ராபிகானா 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ஆரஞ்சு ஜூஸ் பெட்டியை மாற்றியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழம் போய், கண்ணாடித் தம்ளர் படம் வந்தது. விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்து, சில வாரங்களிலேயே பழைய பெட்டிக்குத் திரும்பினார்கள். இதற்கு நேர் எதிர் பக்கம் இத்தாலியின் இல்லி. 1992 முதல் எத்தனையோ கலைஞர்களின் படங்களைக் கோப்பைகளில் போட்டிருக்கிறார்கள். மத்தேயோ துன் வடிவமைத்த அந்த வெள்ளைக் கோப்பையின் உருவம் மட்டும் அப்படியே இருக்கிறது. படம் எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும் கோப்பை யாருடையது என்று தெரியும்.

2. எண்ணிக்கையை விற்பனைக் கணக்கிலிருந்து எடுங்கள்

"ஆயிரம் போட்டுடுவோம்" என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீர்கள். அந்தக் கடையில் மாதம் சுமார் 3,000 பாக்கெட் விற்றது. எடிஷன் இரண்டு மாதம் ஓட வேண்டும் என்றால் அந்தக் காலத்தில் 6,000 பாக்கெட் விற்கும். அதில் கால்வாசி, 1,500. கால்வாசிக்கு மேல் போனால் அது லிமிடெட் இல்லை, பாக்கெட் மாற்றம். ரொம்பக் குறைத்தால் அச்சுச் செலவு ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஏறிவிடும்.

காபித்தூளில் இன்னொரு கட்டாயமும் உண்டு. அரைத்த தூள் நாளாக நாளாக மணம் இழக்கும். அதனால் 1,500 பெட்டியையும் ஒரே நாளில் அச்சடிக்கலாம், ஒரே நாளில் நிரப்பக்கூடாது. வாரத்துக்குச் சுமார் 190 என்று நிரப்பினால் எட்டு வாரம் வரும். புதிதாகச் செய்கிறவர்கள் திறப்பு விழா உற்சாகத்தில் எல்லாவற்றையும் நிரப்பி அடுக்கிவிடுவார்கள். கடைசி வாரம் வாங்கியவருக்குக் கிடைப்பது அழகான பெட்டியும் ஆறிப்போன தூளும்தான்.

3. கணக்கை ஓவியரிடம் பேசுவதற்கு முன் போடுங்கள்

எடிஷனின் விலையை 280 ஆக வைத்தோம். வழக்கமான பாக்கெட்டைவிட 60 ரூபாய் கூடுதல். 5 சதவீத ஜி.எஸ்.டி. கழித்தால் கையில் வருவது சுமார் 57 ரூபாய்.

அதிலிருந்து பெட்டிக்கும் உள்ளே வைக்கும் அச்சுப்படத்துக்கும் 20 ரூபாய். எண் போடவும் கையால் மடித்து அடைக்கவும் 4 ரூபாய். ஓவியருக்கு ஒரு பெட்டிக்கு 12 ரூபாய் ராயல்டி. மீதி 21. அதை 1,500-ஆல் பெருக்கினால் 31,500 ரூபாய். ஓவியருக்கு முதலிலேயே தரும் வடிவமைப்புக் கட்டணம் 30,000. கடைசியில் நிற்பது 1,500 ரூபாய். போட்டோ எடுத்த செலவைச் சேர்த்தால் அதுவும் காலி.

எல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் எடிஷனில் லாபம் கிட்டத்தட்ட இல்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு. இதை விளம்பரச் செலவு என்ற தலைப்பில் வைத்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். லாபம் வேண்டும் என்று நினைத்தால் ஓவியரின் பங்கில் கை வைக்கத் தோன்றும், அல்லது "இன்னொரு 2,000 அடிப்போம்" என்று தோன்றும். இரண்டுமே எடிஷனைக் கொன்றுவிடும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. மளிகைக் கடைகளுக்குக் கமிஷன் கொடுத்து விற்க இதில் இடமில்லை. சொந்தக் கவுண்டர், சொந்த ஆன்லைன் ஆர்டர், அவ்வளவுதான்.

உள்ளே அச்சுப்படம் ஏன்? ஒரே சரக்கை இரண்டு எம்.ஆர்.பி.யில் விற்றால் வாடிக்கையாளரும் கேட்பார், எடையளவுத் துறை ஆய்வாளரும் கேட்பார். தபால் அட்டை அளவில் ஓவியரின் அச்சுப்படம் ஒன்று உள்ளே இருந்தால் அது வேறு சரக்கு. 60 ரூபாய்க்கும் விடை இருக்கிறது. ஆனால் இரண்டு பொருளைச் சேர்த்து விற்கும்போது வரி விகிதம் மாறக்கூடும். அதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்த பிறகு விலையை அறிவியுங்கள்.

4. ஓவியரைத் தேர்ந்தெடுப்பது

ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து எடுப்பது பரவலான பழக்கம். அந்த எண்ணிக்கை விற்பனை நாளன்று கொஞ்சம் உதவும், பாக்கெட்டில் உதவாது. பார்க்க வேண்டியது வேறு. உங்கள் கடையைப் பற்றி யாரும் கேட்காத காலத்திலேயே, உங்கள் சரக்கு புழங்கும் உலகத்தை அவர் வரைந்திருக்கிறாரா? எங்கள் ஓவியர் பஸ் ஸ்டாண்டு, விடிகாலைக் கடைத்தெரு, பால்காரர் சைக்கிள் என்றே லினோவில் செதுக்கிக்கொண்டிருந்தவர். காபியை அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, அவர் வேலை உங்கள் அச்சு முறையைத் தாங்குமா என்பது. மெல்லிய நீர்வண்ணம் தாளில் அழகாக இருக்கும், அட்டைப்பெட்டியில் மங்கும். லினோகட்டில் கறுப்பும் ஒன்றிரண்டு தட்டையான நிறமும்தான். பெட்டிக்கு அது பொருந்தியது. தேட இடம் வேண்டுமென்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகள் நல்ல இடம்.

"சும்மா ரெண்டு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பேசலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நல்ல ஓவியர் அதோடு போனை வைத்துவிடுவார். ஏற்கெனவே செய்த வேலையைப் பார்த்து ஆளை முடிவு செய்யுங்கள். பிறகு ஸ்கெட்ச் கட்டத்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். எங்கள் கணக்கில் 30,000-இல் 10,000 ஸ்கெட்சுக்கு. அதோடு நிறுத்திக்கொண்டாலும் அது அவருக்குத்தான்.

5. ஒப்பந்தம்: ஸ்கெட்ச் கேட்பதற்கு முன்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. "நம்ம தம்பிதானே, பேப்பர் எதுக்கு?" என்பார்கள். தம்பி என்பதால்தான் பேப்பர் வேண்டும். பிரச்சினை வந்தால் உறவும் சேர்ந்து போகும்.

பணம் கொடுத்துவிட்டால் படம் நம்முடையது என்று கடைக்காரரும், வரைந்தவன் நான், உரிமை என்னுடையது என்று ஓவியரும் நினைப்பது சகஜம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் பொது விதி, படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது. ஆனால் ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செதுக்கி எடுக்கும் அச்சுகளையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. டிஜிட்டல் படம் அந்த 'ஓவியம்' என்ற சொல்லுக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நீங்கள் எழுதி வைத்துவிட்டால் வாதத்துக்கே வேலை இல்லை.

நான் பரிந்துரைப்பது, உரிமை ஓவியரிடமே இருக்கட்டும். உங்களுக்கு உரிமம் மட்டும் போதும். இந்தப் படம், இந்தப் பெட்டி, இந்த 1,500 எண்ணிக்கை, இந்தக் காலம், இந்த எடிஷனுக்கான விளம்பரம். முழு உரிமையும் வாங்கினால் விலை ஏறும். அதைவிட முக்கியம், கையில் இருப்பதால் படத்தைக் காலண்டர், பை, பில் புக் என்று எல்லா இடத்திலும் ஒட்டத் தோன்றும். எடிஷன் நீர்த்துப்போவது அங்கேதான். வாங்காத உரிமை ஒரு வேலியாகவும் நிற்கும்.

காலத்தையும் இடத்தையும் எழுதாமல் விடாதீர்கள். 19-ஆம் பிரிவின்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். உரிமத்துக்கும் இதே விதிதான் பொருந்துகிறது. இரண்டு மாத எடிஷனுக்கு ஐந்து வருட உரிமம் இருந்தால் ஓவியருக்குத்தான் நஷ்டம். துபாயில் ஆர்டர் வந்தால் உங்களுக்கும் குழப்பம்.

படத்தைத் திருத்துவது பற்றித் தனியாக ஒரு பத்தி வேண்டும். 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் படைப்பைத் தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. டெல்லி விக்யான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தைக் கழற்றிச் சேதப்படுத்தியதற்காகச் சிற்பி அமர்நாத் செகல் மத்திய அரசு மேல் போட்ட வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 5 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்கள் டிசைனர் இடம் போதவில்லை என்று மாட்டுவண்டியின் பாதியை வெட்டுவதும் இதே கேள்விக்குள் வரும். "வெட்டுவது, நிறம் மாற்றுவது, மேலே எழுத்து போடுவது எல்லாம் ஓவியரின் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும்" என்று ஒரு வரி போடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனிக் கட்டணம். ஓவியரின் பெயர் பெட்டியில் எங்கே, எந்த அளவில் என்பது. ஒரு வருடத்துக்கு வேறு காபி பிராண்டுக்கு அவர் செய்யக்கூடாது. டீக்கடைக்குச் செய்யலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கு எத்தனை பெட்டி இலவசம். டி.டி.எஸ். பிடிக்க வேண்டியிருந்தால் அது போக எவ்வளவு கையில் வரும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு தொகை பேசிவிட்டுக் குறைத்து அனுப்பினால் கணக்கு சரியாக இருந்தாலும் மனசு கசக்கும்.

படத்தை அட்டைப்பெட்டிக்குப் பதிலாகக் கோப்பை, துணி போன்ற பொருளின் மேலேயே போடப்போகிறீர்கள் என்றால் வெளியிடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் 50 எண்ணிக்கைக்கு மேல் தொழில்முறையில் உற்பத்தி செய்தால், அதற்கான பதிப்புரிமையே போய்விடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிட்ட பிறகு பதிவுக்கு ஓடிப் பயனில்லை.

6. ஒரே பக்கத்தில் குறிப்பு

ஓவியருக்குக் கொடுக்கும் குறிப்பில் என்ன வரைய வேண்டும் என்று எழுதாதீர்கள். அதற்குத்தானே அவரைக் கூப்பிட்டோம்? "ஒரு பக்கம் பெரிய கோயில், ஒரு பக்கம் டபரா செட், நடுவில் சிரிக்கிற குடும்பம்" என்று கேட்டால் உங்கள் பழைய காலண்டரே திரும்பி வரும்.

எழுத வேண்டியது எல்லைகளை. முதல் கட்டத்தில் எழுதிய மூன்று விஷயம். டை வரைபடம். எத்தனை நிறம். தேதிகள். அப்புறம், சட்டப்படி பெட்டியில் வர வேண்டிய எழுத்துகளுக்கான இடம்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலானோர் படம் முடிந்த பிறகே நினைக்கிறார்கள். வெளிப்பெட்டியைத்தான் வாடிக்கையாளர் வாங்குகிறார் என்பதால் எல்லாமே வெளியே வர வேண்டும்: தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., ஓர் அலகுக்கான விலை, தேதிகள், பேட்ச் எண், புகாருக்கான தொடர்பு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், பச்சைப் புள்ளி. சிக்கரி கலந்த தூளுக்கு, இது சிக்கரி கலந்த காபி, காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்ற அறிவிப்பும் கட்டாயம். மறந்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கட்டாய விவரங்களை ஸ்டிக்கரால் மாற்றுவதையோ சேர்ப்பதையோ பாக்கெட் பொருள் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பட்டியல் நேரத்துக்கு நேரம் திருத்தப்படுவதால் அச்சுக்கு முன் ஒரு முறை சரிபாருங்கள்.

அந்த 80:20 அறிவிப்பை எங்கோ மூலையில் ஒளித்து வைக்கும் பழக்கம் உண்டு. எங்கள் ஓவியர் அதை மஞ்சள் பட்டைக்குள்ளேயே எடுத்து எழுதினார். "தூள் அதே தூள்தானா?" என்ற கேள்விக்குப் பெட்டியே பதில் சொல்லிவிட்டது.

எம்.ஆர்.பி., தேதி, பேட்ச் இவை நிரப்பும்போதுதான் அடிக்கப்படும். அதற்காக நிறமே இல்லாத ஒரு வெள்ளைக் கட்டம் படத்தில் முதலிலிருந்தே இருக்க வேண்டும். அடர்ந்த நிறத்தின் மேல் கோடிங் மெஷினின் கறுப்பு எழுத்து தெரியாது.

7. ஸ்கெட்ச் வந்ததும் கவுண்டரில் வைத்துப் பாருங்கள்

மேஜையில் வைத்து ஓவியத்தைப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளை பிரிண்ட் எடுத்து, வெட்டி, மடித்து, டம்மி பெட்டி செய்யுங்கள். கவுண்டர் தட்டில் மற்ற பாக்கெட்டுகளோடு வைத்துவிட்டு, கடைப்பெயரின் மேல் டேப் ஒட்டி மறையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, வழக்கமாக வருகிறவர்களிடம் "இது யார் சரக்கு?" என்று கேளுங்கள்.

முதல் ஸ்கெட்சில் மஞ்சள் பட்டையை ஓவியர் சாலையாக மாற்றியிருந்தார். கீழிருந்து மேலே வளைந்து போகும் தெரு. படமாகப் பார்த்தால் அழகு. தட்டில் வைத்தபோது, வருடக்கணக்காக வாங்கும் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, கடையைக் கைமாத்திட்டீங்களா?" அந்த ஒரு கேள்வி போதும். பிராண்டின் பிடி நழுவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. "அழகா இல்லையே" என்ற கருத்தைக்கூட ஒதுக்கிவிடலாம், இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது.

திருத்தத்தை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. முதலாளி "தம்பி, லோகோவைக் கொஞ்சம் பெருசாக்கிடலாமா?" என்றுதான் ஆரம்பித்தார். அது அவராகக் கண்டுபிடித்த மருந்து. ஓவியரிடம் சொல்ல வேண்டியது நோயை: "தட்டில் வைத்தால் நம்ம கடை என்று தெரியவில்லை." இதைக் கேட்டதும் அவர், "அப்போ ரோடு நேரா போகட்டும் சார், பட்டை இருந்த உயரத்துலயே" என்றார். சாலை கிடையாக நேரானது, பட்டையும் திரும்பி வந்தது. லோகோ பெருசாகவே இல்லை.

ஆன்லைனில் விற்பதானால் இன்னொரு சோதனையும் உண்டு. பெட்டியை போட்டோ எடுத்து, போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நுணுக்கமான கோடெல்லாம் அங்கே சாம்பல் கறையாகிவிடும்.

8. அச்சகத்தில்

ஸ்கிரீனில் பார்த்த நிறத்தை நம்பி அச்சுக்கு அனுப்பாதீர்கள். பழுப்பு கிராஃப்ட் அட்டையில் மஞ்சள் அடித்தால் கடுகு நிறமாக வரும், வெள்ளை என்று ஒன்று இருக்கவே இருக்காது. எந்த அட்டையில் அச்சடிக்கப்போகிறோமோ அதே அட்டையில் மாதிரி அச்சு, அதாவது புரூஃப், கேளுங்கள். உங்கள் மஞ்சள் பட்டைக்கு மட்டும் நாலு நிறக் கலவையைத் தவிர்த்து, தனி மையாகக் கலந்து அடிக்கச் சொன்னால் பழைய பையின் மஞ்சளோடு ஒத்துப்போகும். அதற்கு ஒரு பிளேட் கூடுதல் செலவு. நான் மற்ற செலவைக் குறைத்தாவது இதைச் செய்வேன்.

அச்சு ஓடும் நாளில் ஓவியரும் அச்சகத்தில் இருக்கட்டும். முதல் நல்ல தாளில் அவரும் நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு "இப்படி வரும்னு நினைக்கலை" என்ற பேச்சு வராது. சிவகாசி அச்சகங்களில் இது பழகிய வழக்கம்தான், கேட்டால் தருவார்கள்.

லேமினேஷன் போடும்போது அந்த வெள்ளைக் கட்டத்தை மறக்காதீர்கள். வழவழப்பான படலத்தின் மேல் கோடிங் மை ஒட்டாது. விரல் பட்டால் தேதி அழிந்துவிடும். புரூஃப் பெட்டியில் கோடிங் அடித்து, ஒரு நிமிடம் விட்டு, ஈர விரலால் தேய்த்துப் பார்த்த பிறகே மொத்தத்துக்கும் சரி சொல்லுங்கள்.

எண் போடுவதற்கு பில் புக்குக்கு எண் அடிக்கும் அதே நம்பரிங் மெஷின் போதும். 0001 முதல் 1500 வரை. அச்சகம் வழக்கமாகச் சேதாரத்துக்காகக் கூடுதல் தாள் ஓட்டும். 1,500 கேட்டால் 1,560 பெட்டி தேறலாம். எண் போடாத அந்த 60 பெட்டியை எண்ணி வாங்கி வெட்டிவிடுங்கள். அவை வெளியே போனால் ஓவியருக்கு ராயல்டி கணக்கிலும் பொய், வாடிக்கையாளரிடமும் பொய். பிளேட்டையும் அச்சகத்தில் விட்டுவைக்காதீர்கள்.

உள்ளே வைக்கும் பையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடையில் இருக்கும் வழக்கமான பையையே உள்ளே போட்டால், அதில் அச்சிட்ட 220 ரூபாய் வாடிக்கையாளர் கண்ணில் படும். எடிஷனுக்கு எம்.ஆர்.பி. அடிக்காத பைகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. விற்கும் எட்டு வாரம்

வழக்கமான பாக்கெட்டைத் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் இது ஒரு விருந்தாளி, வீட்டுக்காரர் மாறவில்லை என்பது வருகிறவருக்குச் சொல்லாமலே புரியும்.

கவுண்டரில் நிற்கும் பையன்களுக்கு இரண்டு பதில் சொல்லிக்கொடுங்கள். "தூள் அதே தூள்தான், 80:20." "படம் இன்னார் செதுக்கியது, உள்ளே ஒரு பிரிண்ட் இருக்கு." ஓவியர் பெயரைத் தெரியாமல் "யாரோ டிசைன் பண்ணாங்க" என்று அவர்கள் சொன்னால், ஓவியருக்குக் கட்டணமும் ராயல்டியுமாகக் கொடுக்கும் 48,000 ரூபாயில் பாதி வீண்.

சிலர் பத்துப் பெட்டி மொத்தமாகக் கேட்பார்கள். ஒரு பில்லுக்கு இரண்டு என்று வரம்பு வையுங்கள். பரிசளிக்கத்தான் வாங்குகிறார்கள் என்றாலும், கல்யாணத் தாம்பூலத்துக்கு 200 போய்விட்டால் உங்கள் வழக்கமான வாடிக்கையாளர் யாரும் பார்க்காமலே எடிஷன் தீர்ந்துவிடும்.

பில் போடும்போது எடிஷனுக்குத் தனிக் குறியீடு கொடுங்கள். ஒத்துக்கொள்கிறவர்களிடம் போன் எண் வாங்குங்கள். இது இல்லாமல் அடுத்த கட்டம் செய்ய முடியாது.

10. முடிப்பதும் பார்ப்பதும்

சொன்ன நாளில் நிறுத்துங்கள். முன்கூட்டியே தீர்ந்தால் "மக்கள் விருப்பத்துக்கு இணங்க" இரண்டாம் அச்சு வேண்டாம். 0001 எண் வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு அது. மிஞ்சினால் தள்ளுபடி போடாதீர்கள். 60 ரூபாய் அதிகம் கொடுத்து முதல் வாரம் வாங்கியவரைக் கேலி செய்கிற மாதிரி ஆகும். நிரப்பாத பெட்டிகளை எண்ணி, ஓவியர் முன்னால் வெட்டிவிட்டு, எத்தனை விற்றது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ராயல்டியை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

பிராண்டுக்குப் புத்துணர்வு வந்ததா என்பதை எடிஷன் விற்ற வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அது ஓவியரின் ஈர்ப்பாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது இரண்டு எண். எடிஷன் வாங்கிய புது ஆட்களில் எத்தனை பேர் அடுத்த இரண்டு மாதத்துக்குள் வழக்கமான அரக்குப் பாக்கெட்டை வாங்கினார்கள்? பழைய வாடிக்கையாளர்களின் மாத வாங்கல் எடிஷனுக்கு முன்பிருந்த அளவிலேயே இருக்கிறதா? முதல் எண் ஏறி இரண்டாவது அசையாமல் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. புது ஆள் யாரும் திரும்பவில்லை என்றால் பெட்டியை விற்றிருக்கிறீர்கள், காபியை இல்லை. பழையவர்கள் குறைந்தால் முதல் கட்டத்துத் தாளை எடுத்துப் பாருங்கள். தொடக்கூடாத ஒன்று அந்தப் பட்டியலில் விடுபட்டிருக்கும்.

அடுத்த எடிஷனை உடனே ஆரம்பிக்க ஆசை வரும். குறைந்தது ஒரு வருடம் விடுங்கள். மாதத்துக்கு ஒரு ஓவியர் என்று போனால் வழக்கமான பாக்கெட் எது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதே ஓவியரா, வேறு ஒருவரா என்பதை அந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். அதுவரை கையெழுத்துப் போட்ட அந்த முதல் அச்சுத் தாளையும் மஞ்சள் மையின் கலவைக் குறிப்பையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த அச்சகம் முதலில் கேட்பது அதைத்தான்.